நோகாமல் ஒரு கண் இருண்டால்: முதல் சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை, கொஞ்சம்கூட நோகவில்லை. ஆனால் ஒரு கண்ணில் மட்டும் பார்வை சட்டென்று போய்விட்டது. வன்னியில் இப்படி ஒருவர் சொன்னால் வீட்டில் வரும் பதில் பெரும்பாலும் "வயசுக்கு வெள்ளை படருது" என்பதுதான். அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்கலாம், சந்தைக்குப் போகும்போது கண்ணாடிக் கடையில் காட்டலாம் என்று பேச்சு முடிந்துவிடும்.

கண்ணில் வெள்ளை படர்வது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நடக்கும் காரியம். ஒரு நிமிடத்தில் கண்ணை இருட்டாக்கிவிடுவது அதன் வேலையல்ல. திடீரென்று வரும் இருட்டுக்குக் காரணங்கள் வேறு. அவற்றில் மிக அவசரமான ஒன்றைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்: கண்ணுக்குள் இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டால் அதைப் பாரிசவாதம் என்கிறோம். அதே சம்பவம் கண்ணில் நடப்பதுதான் இது.

ஏன் நோவதில்லை?

கண்ணின் பின்சுவரில், உட்பக்கமாக, மெல்லிய தாள்போல ஒட்டியிருப்பது விழித்திரை. வெளிச்சத்தை வாங்கி அதை நரம்புச் செய்தியாக மாற்றுவது அதன் வேலை. அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது பார்வை நரம்பு. வெளிச்சத்தை உணர இவ்வளவு ஏற்பாடு இருந்தும், நோவை உணரும் நரம்பு விழித்திரையில் இல்லை. கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழியில் ஒரு தூசி விழுந்தால் துடித்துப் போகிறோம், ஏனென்றால் அங்கே நோ நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. பின்னால் விழித்திரை முழுவதும் செத்துக்கொண்டிருந்தாலும் ஒரு முள் குத்தின அளவுக்குக்கூடத் தெரியாது.

அதனால் நோவை வைத்துக் கண் வருத்தத்தின் கனத்தை அளக்கக் கூடாது. சிவந்து, பீளை தள்ளி, உறுத்துகிற கண்நோய் பலருக்குத் தானாகவே ஆறிவிடும். சத்தமில்லாமல் இருண்ட கண்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கண்.

ஒரே வாய்க்காலை நம்பிய வயல்

இரணைமடுத் தண்ணீரில் விதைப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். குளத்துத் துருசு திறக்கும், பெரிய வாய்க்காலில் தண்ணீர் வரும், அதிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால் கடைசி வயலுக்குப் போகும். அந்தக் கடைசி வயலுக்குக் கிணறு இல்லை, வேறு வாய்க்காலும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கட்டை வந்து சிக்கினால் குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் அந்த வயல் காயும். பக்கத்து வயல் பச்சையாக நிற்கும்.

விழித்திரை அப்படியொரு கடைசி வயல். இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் கழுத்திலுள்ள பெரிய நாடி வழியாக மேலே போகிறது. இரத்தத்தை இதயத்திலிருந்து எடுத்துப் போகும் குழாய்க்கு நாடி என்று பெயர், திருப்பிக் கொண்டுவரும் குழாய்க்கு நாளம் என்று பெயர். கழுத்து நாடியிலிருந்து கண்ணுக்கு ஒரு கிளை பிரிகிறது. அதிலிருந்து இன்னும் சின்னதாக ஒன்று பார்வை நரம்புக்குள் நுழைந்து விழித்திரைக்குப் போகிறது. அதுதான் விழித்திரை மைய நாடி. அதன் உள்விட்டம் கால் மில்லிமீற்றர்கூட இல்லை. விழித்திரையின் உள் அடுக்குகளுக்கு இரத்தம் வர அதைவிட்டால் அநேகமாக வேறு வழியில்லை. ஒரு சிலருக்கு மட்டும் பிறப்பிலேயே இன்னொரு சின்னக் கிளை இருக்கும். அவர்களுக்கு அடைப்பு வந்தாலும் நடுப்பார்வை கொஞ்சம் தப்பும்.

வயலில் தண்ணீர் வரும் வாய்க்கால் மட்டுமல்ல, வடியும் வாய்க்காலும் உண்டே. வடிச்சல் அடைபட்டால் வயல் காயாது, வெள்ளம் நிற்கும். கண்ணிலும் இரண்டும் நடக்கும். நாடி அடைபட்டால் விழித்திரை இரத்தமில்லாமல் வெளிறுகிறது. நாளம் அடைபட்டால் இரத்தம் தேங்கிக் கசிந்து விழித்திரை வீங்குகிறது. இரண்டிலும் நோ இல்லை. நாள அடைப்பில் பார்வை மங்கும், சிலருக்கு நித்திரையால் எழும்பும்போதுதான் தெரியவரும். நாடி அடைப்பு அதைவிடக் கொடியது: சில விநாடிகளில் கண் இருண்டு, கையசைவு மட்டும் தெரியும் நிலைக்குப் போய்விடும்.

சுருக்கமாக: விழித்திரைக்கு நோத் தெரியாது, அதற்கு இரத்தம் வரும் வழியும் ஏறத்தாழ ஒன்றே ஒன்று. அந்த வழி அடைபடுவதுதான் நாம் பேசும் அவசரம்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

நெல்லு சில நாள் தண்ணீரில்லாமல் நிற்கும். விழித்திரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. உடம்பிலேயே ஒட்சிசனை மிக அதிகமாகச் செலவழிக்கும் இழையங்களில் அதுவும் ஒன்று. குரங்குகளில் இந்த நாடியை இறுக்கிப் பிடித்துச் செய்த பரிசோதனைகளில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் விட்டுவிட்டால் விழித்திரை பெரும்பாலும் மீண்டது. நான்கு மணி நேரம் போனபின் விட்டால் பெரும் சேதம் நிரந்தரமாகிவிட்டது. மனிதரில் அடைப்பு முழுமையானதாக இருந்தால் இதைவிடவும் விரைவாகச் சேதம் தொடங்கலாம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அடைப்பு அரைகுறையாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வெளியிலிருந்து பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மணிக்கூடு எப்போது ஓடத் தொடங்குகிறது? "காலையில எழும்பேக்க தெரியேல்லை" என்றால், காலையிலிருந்து கணக்கில்லை. கடைசியாக அந்தக் கண் நன்றாகத் தெரிந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. இரவு ஒன்பது மணிக்குப் படுத்தவர் காலை ஐந்து மணிக்கு இருட்டோடு எழும்பினால், வைத்தியருக்கு அது எட்டு மணி நேரம் கடந்ததாகவும் இருக்கலாம். நடுச்சாமத்தில் எழும்பி வெளியே போனபோது இரண்டு கண்ணும் தெரிந்ததா என்று ஞாபகப்படுத்திச் சொன்னால் அது பெரிய உதவி.

கட்டை எங்கிருந்து வந்தது?

அடைக்கிற பொருள் கண்ணில் உண்டாவது குறைவு. பெரும்பாலும் மேல்வாய்க்காலிலிருந்து அடித்துவரப்பட்டதாகவே இருக்கும். கழுத்து நாடியின் உட்சுவரில் வருடக்கணக்காகப் படிந்த கொழுப்புத் திட்டு உடைந்து, அதில் ஒரு துணுக்கு கண்ணுக்குப் போகலாம். பிரஷர், சலரோகம், கொலஸ்ட்ரோல், புகைத்தல் என்று எந்தக் கிளினிக்கிலும் கேட்கும் பெயர்கள்தான் இதற்குப் பின்னால் நிற்பவை. இல்லையென்றால் இதயத்திலிருந்து வரலாம். இதயம் தாளம் தப்பித் துடிப்பவர்களுக்கு உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி புறப்பட்டு எங்கேயும் போய் மாட்டும். சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு, அதனால் இது கிழடுகளின் வருத்தம் மட்டுமில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். கழுத்து நாடியில் வரும் இரத்தத்தில் கண்ணுக்குப் போவது சின்னப் பங்கு, மூளைக்குப் போவது பெரிய பங்கு. ஒரு துணுக்கு கண்ணுக்குப் போனது என்றால் அடுத்தது மூளைக்குப் போவதற்கு வழி திறந்தே இருக்கிறது. விழித்திரை நாடி அடைபட்டவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால், கை கால் வழங்காத குறி எதுவுமில்லாமலே ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மூளையில் புதிய அடைப்பு காணப்படுகிறது. முழுப் பாரிசவாதம் வரும் ஆபத்தும் அடுத்த சில நாட்களில்தான் மிக அதிகம். 2021 இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கை இந்த அடைப்பைப் பாரிசவாதமாகவே எடுத்து நடத்தச் சொல்வது இதனால்தான்.

சில வேளை துணுக்கு மாட்டி, சில நிமிடங்களில் கரைந்தோ நகர்ந்தோ போய்விடும். ஒரு கண்ணில் திரை இறங்கினமாதிரி இருண்டு, ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பவும் வெளிக்கும். ஆள் நிம்மதியடைந்து வேலைக்குப் போய்விடுவார். எனக்கு மிகக் கவலை தருவது இந்த நிம்மதிதான். பார்வை திரும்பிவிட்டது, ஆனால் துணுக்கை அனுப்பிய இடம் அப்படியே இருக்கிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் கண்ணையும் மூளையையும் காப்பாற்ற மிக நல்ல வாய்ப்பு அந்த நேரம்தான்.

சுருக்கமாக: கண்ணில் அடைத்தது கழுத்திலிருந்தோ இதயத்திலிருந்தோ வந்தது. பார்வை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும்.

விசுவமடுவில் ஒரு விடிகாலை

விளங்குவதற்காக ஒருவரைக் கற்பனை செய்வோம். விசுவமடுப் பக்கம், அறுபத்து மூன்று வயது, நெல்லுச் செய்கிறவர், பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவர். காலை ஐந்தேகாலுக்கு எழும்பித் தேத்தண்ணி குடித்தார், எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஐந்து நாற்பதுக்குக் கிணற்றடியில் முகம் கழுவும்போது வலப்பக்கம் ஏதோ வித்தியாசம்.

"இஞ்சரப்பா, எனக்கு இந்தக் கண் இருட்டிப்போச்சு."

"நோகுதோ?"

"இல்லை. நோ ஒண்டுமில்லை."

மனைவி செய்ய வேண்டிய முதல் காரியம் ஒரு கண்ணை மாறி மாறிப் பொத்திப் பார்க்கச் சொல்வது. உள்ளங்கையால் இடக்கண்ணைப் பொத்தினால் முற்றிலும் இருட்டு, வலக்கண்ணைப் பொத்தினால் எல்லாம் தெளிவு. அப்படியென்றால் கோளாறு வலக்கண்ணில்தான். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் வலப்பக்கத்துப் பாதி தெரியவில்லை என்றால் பழுது கண்ணில் இல்லை, மூளையில். இரண்டுமே அவசரம்தான், ஆனாலும் ஆஸ்பத்திரியில் முதலாவதாகச் சொல்ல வேண்டிய தகவல் இது. முகம் கோணியிருக்கிறதா, கை கால் தளர்ந்திருக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்றும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் போதும்.

இரண்டாவது, 1990 க்கு அடிப்பது. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரப் பிந்தும்போல இருந்தால் கிடைக்கும் வாகனத்தில் போகலாம், ஆனால் அவரே மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது. கையில் கிளினிக் கொப்பியும் எடுக்கும் குளிசைகள் எல்லாமும் வேண்டும், முக்கியமாக இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பவர் என்றால். கண்ணுக்குள் முலைப்பாலோ எண்ணெயோ விடத் தேவையில்லை, இது கண்ணின் மேற்பரப்பில் உள்ள வருத்தமில்லை. மாரடைப்புக்குக் கொடுப்பார்களே என்று அஸ்பிரின் கொடுப்பதும் வேண்டாம். மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகு அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

போகும் இடம் கண்ணாடிக் கடையுமில்லை, பாமசியுமில்லை, மாதக் கிளினிக்கும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. இவருக்குக் கிளிநொச்சி. வாசலில் சொல்ல வேண்டிய வசனமும் முக்கியம். "கண் தெரியேல்லை" என்றால் வரிசையில் இருத்திவிடக் கூடும். "ஐந்து நாற்பதுக்கு ஒரு கண் திடீரென்று முழுக்க இருண்டது, நோ இல்லை, ஐந்தேகாலுக்குத் தெரிந்தது" என்றால் கேட்கிறவருக்குச் சட்டென்று விளங்கும்.

உள்ளே வைத்தியர் இருண்ட அறையில் டோர்ச் அடித்துப் பார்ப்பார். நல்ல கண்ணில் வெளிச்சம் பட்டால் இரண்டு கண்மணியும் சுருங்கும். வெளிச்சத்தை இருண்ட கண்ணுக்கு மாற்றியதும், சுருங்கியிருக்க வேண்டிய கண்மணிகள் இரண்டும் விரிகின்றன. அந்தக் கண்ணிலிருந்து செய்தி மூளைக்குப் போகவில்லை என்பதற்கு இது நேரடிச் சாட்சி, நோயாளி என்ன சொல்கிறார் என்பதைக்கூட நம்பியிருக்கத் தேவையில்லை. பிறகு கண்ணுக்குள் பார்க்கும் கருவியால் விழித்திரையைப் பார்க்கிறார். இளஞ்செம்மையாக இருக்க வேண்டியது பால்போல வெளிறிப்போய், நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. அந்த நடு இடத்தில் விழித்திரை மிக மெல்லியது, அதனால் அதற்குப் பின்னாலுள்ள வேறு இரத்தக் குழாய்ப் படையின் சிவப்பு ஊடாகத் தெரிகிறது. சுற்றிவர வெளிறியதால் அந்தச் சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது. முதல் மணி நேரங்களில் இந்தத் தோற்றம் இன்னும் வந்திருக்காது, ஆகவே பொட்டு தெரியவில்லை என்று அடைப்பு இல்லை என்றாகாது.

அதே நேரத்தில் இரத்தத்தில் சீனி, பிரஷர், ஈசிஜி பார்ப்பார்கள். தலைக்கு சிடி எடுப்பார்கள், அது அங்கே இயலாவிட்டால் அது இயலும் இடத்துக்கு மாற்றுவார்கள். நம் விசுவமடுக்காரரின் ஈசிஜியில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது. "முந்தாநாள் வயலில் நிற்கும்போது ஒரு பத்து நிமிசம் இப்படி மங்கித் தெளிஞ்சது" என்று அப்போதுதான் சொல்கிறார்.

வைத்தியம் என்ன செய்யும், என்ன செய்யாது

இங்கே பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. மூடிய இமைக்கு மேலால் கண்ணை அழுத்தித் தேய்ப்பது, கண் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, கண்ணுக்குள்ளிருந்து கொஞ்சம் நீர் எடுப்பது என்று பல முறைகள் நெடுங்காலமாகச் செய்யப்படுகின்றன. அவை பார்வையைத் திருப்பித் தருகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. பாரிசவாதத்துக்கு நான்கரை மணி நேரத்துக்குள் போடும் கட்டி கரைக்கும் ஊசியைச் சில நாடுகளில் இதற்கும் போடுகிறார்கள். அதன் பயன் பற்றிய ஆராய்ச்சி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, இரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. மைய நாடி முழுதாக அடைபட்ட கண்களில் பெரும்பாலானவை நல்ல பார்வைக்குத் திரும்புவதில்லை.

"அப்ப ஏன் ஓட வேணும்?" என்று கேட்கலாம். கண்ணுக்கு இருக்கும் கொஞ்ச வாய்ப்பும் அந்த முதல் மணி நேரங்களுக்குள்தான் இருக்கிறது என்பது ஒரு பக்கம். பெரிய காரணம் மற்றது: இரண்டாவது கட்டி மூளைக்குப் போகமுன் அதைத் தடுக்கலாம். நம்மாளுக்கு இதயத்தில் கட்டி உண்டாகாமல் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, தகுந்த நேரம் பார்த்துத் தொடங்கப்படும். கழுத்து நாடி ஒடுங்கியிருந்தால் அதற்குச் சத்திரசிகிச்சை யோசிப்பார்கள். வலக்கண் விரல் எண்ணும் அளவோடு நின்றுவிட்டாலும், மனிதர் தன் கையாலே சாப்பிட்டு, தன் வயலுக்கு நடந்து போகிறவராக இருக்கலாம்.

இதேபோல வரும் மற்றவை

வீட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரேமாதிரி இருட்டுத்தான், பிரித்தறிவது வைத்தியரின் வேலை. ஆனாலும் சில குறிகளைச் சொல்லி வைக்கலாம். இருட்டுக்கு முன் மின்னல் வெட்டினமாதிரி ஒளிக்கீற்று, பிறகு கறுப்புப் பூச்சிகள் பறப்பதுபோல, பிறகு ஒரு பக்கத்திலிருந்து திரை வருவதுபோல என்றால் அது விழித்திரை சுவரிலிருந்து கழன்று வருவதாக இருக்கலாம். பார்வையின் நடுப்பகுதி கழறமுன் சத்திரசிகிச்சை செய்தால் நல்ல பார்வை மிஞ்சும், ஆகவே அங்கேயும் நாள் அல்ல, மணி நேரம்தான் கணக்கு. சலரோகம் முற்றியவர்களுக்குக் கண்ணின் நடுவிலுள்ள ஜெலிபோன்ற பகுதிக்குள் இரத்தம் கசிந்தால் சிவப்பாகவோ கறுப்பாகவோ புகை சுழலும்.

இன்னொன்றை விடக் கூடாது. ஐம்பது தாண்டியவர், கொஞ்ச நாளாகப் புதுத் தலைவலி, தலை சீவினால் நெற்றிப்பொட்டு நோகும், சாப்பாடு மெல்லும்போது தாடை களைத்து நோகும். இவற்றோடு ஒரு கண் போனால் அது நாடிச் சுவரின் அழற்சியாக இருக்கலாம். நம் மக்களிடையே இது அரிது. ஆனால் உடனே ஸ்டிரொயிட் மருந்து தொடங்காவிட்டால் சில நாட்களுக்குள் மற்றக் கண்ணும் போகக் கூடும். அதனால் கண் நோகாவிட்டாலும், தலைவலியையும் தாடை நோவையும் சொல்ல மறக்க வேண்டாம்.

ஷெல் துண்டு உள்ளவர்கள் சொல்ல வேண்டியது

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம். யுத்த காலத்தில் உடம்பில் பட்ட ஷெல் துண்டோடு, இரும்புச் சில்லோடு இன்றும் வாழ்கிறவர்கள் வன்னியில் பலர். எம்ஆர்ஐ இயந்திரம் மிகப் பலமான காந்தம். கண்ணிலோ தலையிலோ இரும்புத் துண்டு இருந்தால் அது உள்ளே நகர்ந்து புதுக் காயம் உண்டாக்கலாம். ஆகவே அந்த அறைக்குள் போகமுன், "எனக்கு இந்த இடத்தில் துண்டு இருக்கு" என்று கேட்காமலே சொல்லுங்கள். ஆறிப்போன பழைய காயம்தானே என்று விடக் கூடாது. எக்ஸ்ரேயோ சிடியோ எடுத்து இடத்தைப் பார்த்துவிட்டு எந்தச் சோதனை பொருந்தும் என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். நோயாளிக்குப் பேச முடியாத நிலை வந்தால் யார் சொல்வது என்பதற்காக, கூடப் போகிறவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

"இனி அந்தக் கண்ணில பார்க்க என்ன இருக்கு" என்று கண் கிளினிக்கை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இரத்தம் கிடைக்காத விழித்திரை, அடுத்த வாரங்களில் புதிய, வலுவில்லாத இரத்தக் குழாய்களை வளரத் தூண்டும். அவை கண்ணுக்குள் நீர் வடியும் வழியை மூடினால் கண் அழுத்தம் ஏறும். அப்போதுதான் முதன்முறையாக அந்தக் கண் நோகும், தாங்க முடியாமல் நோகும். முதல் நான்கு மாதங்களுக்குள் வைத்தியர் கொடுக்கும் திகதிகளில் போய்க் காட்டினால் அந்தக் குழாய்களை முளையிலேயே கண்டு, லேசர் கதிரால் சுட்டோ ஊசி போட்டோ கட்டுப்படுத்தலாம்.